கிருஷ்ணகிரி வீட்டு ஹாலில் ஆறு டவுன்லைட்: ஓட்டை, பீம், ஆழம்

கிருஷ்ணகிரியில் ஒரு மாடி வீட்டு ஹாலுக்கு ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டு, ஆறு டவுன்லைட் பதித்த வேலையின் பதிவு இது. ஹால் 16 அடிக்கு 12 அடி. தரையிலிருந்து மேலே உள்ள தளம் வரை 10 அடி. சீலிங்கைத் தளத்திலிருந்து 5 இன்ச் மட்டுமே இறக்க வேண்டும் என்பது வீட்டுக்காரர் சொன்ன கணக்கு. நடுவில் 48 இன்ச் ஃபேன். ஒரு சுவரில் தாத்தா பாட்டி படம். அதற்கு மட்டும் தனியாக ஒரு லைட்.

நம் ஊரில் இந்த வேலை பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. முதலில் சீலிங் ஆள் வந்து சேனல் கட்டி போர்டு அடித்துவிட்டுப் போவார். பிறகு எலக்ட்ரீஷியன் ஓட்டை போடுவார். கடைசியில் ரவுண்டானா பக்கம் உள்ள கடையிலோ பெங்களூரு போகும்போதோ லைட் வாங்குவார்கள். லைட் ஓட்டைக்குள் போகாது, போனால் நிற்காது, நின்றால் ஃபேன் சுற்றும்போது ஹாலே மினுக்கும். இந்த மூன்று கோளாறுக்கும் வேர் ஒன்றுதான். எந்த லைட் என்று தெரியாமலே சேனல் கட்டியாகிவிட்டது.

இங்கே லைட்டை முதலில் வாங்கினோம்.

பெட்டியில் பார்க்க வேண்டியது வாட்ஸ் அல்ல, கட்அவுட் என்று போட்டிருக்கும் எண். அதுதான் போர்டில் வெட்ட வேண்டிய ஓட்டையின் விட்டம். கடைக்காரர் 'மூணு இன்ச் லைட்' என்று சொல்வதை நம்பி ஓட்டை போடக் கூடாது. ஒரு கம்பெனிக்கு மூன்று இன்ச் என்பது ஓட்டை அளவு, இன்னொரு கம்பெனிக்கு அது வெளி விளிம்பின் அளவு. நாங்கள் எடுத்த லைட்டில் கட்அவுட் 75 மிமீ, வெளி விட்டம் 85 மிமீ. ஆக ஓட்டையைச் சுற்றி மூடுவதற்கு விளிம்பு ஒரு பக்கத்துக்கு 5 மிமீதான் கிடைக்கிறது. ஓட்டை 80 மிமீ ஆகிவிட்டால் பக்கத்துக்கு 2.5 மிமீ மிஞ்சும். லைட் ஓட்டைக்குள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் போதும், ஒரு பக்கம் கருப்புக் கோடு பிறைபோல் தெரியும். டிரில்லில் மாட்டி வட்டமாக வெட்டும், கடையில் கிடைக்கும் 76 மிமீ ஹோல்சா இதற்குச் சரி. அந்த ஒரு மிமீ கூடுதல் தேவையானதுதான். பெயின்ட் பூச்சு உள்விளிம்பில் கொஞ்சம் ஏறினாலும் லைட் இறங்கும்.

இரண்டு கடையில் மூன்று மூன்றாக வாங்குவதும் வேண்டாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் லைட்டில் ஒன்றுக்கு 75, இன்னொன்றுக்கு 85 இருக்கும். சின்ன ஓட்டையைப் பெரிதாக்கலாம், பெரிய ஓட்டையைச் சின்னதாக்க வழியில்லை.

அடுத்தது ஆழம். வீட்டுக்காரர் ஆசைப்பட்டது பல்பு உள்ளே ஆழமாகப் பதிந்த, கண் கூசாத மாடல். சோபாவில் உட்கார்ந்தால் ஒளி வரும் புள்ளி தெரியாது, வெளிச்சம் மட்டும் விழும். ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்த லைட்டின் உயரம் 95 மிமீ. 5 இன்ச் என்பது 127 மிமீ. காகிதத்தில் 32 மிமீ மிச்சம் இருக்கிறதே, போதும் என்று தோன்றும். தளத்தின் அடியில் கிளாம்ப் போட்டு ஓடும் வயர் பைப் கிளாம்போடு சேர்ந்து 28 மிமீ எடுத்துக்கொள்கிறது. பைப் நேர் மேலே வந்த இடத்தில் மிஞ்சுவது 4 மிமீ. வயர் வளையக்கூட இடமில்லை.

அதோடு தளம் எங்கும் ஒரே மட்டமாக இருக்காது. லேசர் வைத்து ஆறு லைட் புள்ளியிலும் தனித்தனியாக அளந்தபோது, ஒரு மூலையில் 127 மிமீ இருந்த இடைவெளி எதிர்மூலையில் 112 மிமீ. கீழே ஃபால்ஸ் சீலிங் மட்டமாக வருவதால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, லைட்டை ஏற்றும்போதுதான் தெரியும். அந்த மூலையில் 95 மிமீ லைட்டுக்கு மேல் 17 மிமீதான். பைப் அங்கே போகிறதென்றால் லைட் உள்ளேயே போகாது. ஒரு மூலையில் மட்டும் டேப் பிடித்து 'அஞ்சு இன்ச் இருக்கு' என்று எழுதிக்கொள்வதால் வரும் வினை இது.

இன்னொரு காரணம் சூடு. இது மேல்மாடி, தலைக்கு மேல் மொட்டைமாடி. சித்திரை, வைகாசியில் அந்தத் தளம் பகலெல்லாம் வெயில் வாங்கி, ராத்திரி லைட் போடும் நேரத்தில்தான் கீழே சூட்டை இறக்கும். எல்இடி லைட்டில் முதலில் சாவது பல்பு அல்ல, அதற்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர். டிரைவர் மேல் Ta என்று ஒரு எண் அச்சடித்திருக்கும். சுற்றியுள்ள காற்று எத்தனை டிகிரி வரை இருக்கலாம் என்பது அது. லைட்டின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தளத்தை ஒட்டி நின்றால் காற்று நகர வழியில்லாமல் அந்த எல்லை எளிதாகத் தாண்டும். அதனால் லைட்டின் தலைக்கு மேல் குறைந்தது ஒன்றரை இன்ச் வெறும் காற்று என்று வைத்துக்கொண்டோம். கடைசியில் எடுத்தது 55 மிமீ உயரமுள்ள 10 வாட் மாடல். 112 மிமீ மூலையிலும் தளம் வரை 57 மிமீ கிடைத்தது. அந்த மூலையில் மட்டும் பைப்பைக் கையளவு தள்ளிக் கிளாம்ப் போடச் சொன்னோம். 95 மிமீ லைட்தான் வேண்டும் என்றால் சீலிங்கை இன்னும் இரண்டு இன்ச் இறக்க வேண்டும், வேறு வழியில்லை.

உயரம் அளக்கும்போது ஒன்றை மறக்கிறார்கள். லைட்டின் இரண்டு ஸ்பிரிங் கிளிப்பும் ஏற்றும் நேரத்தில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். ஒல்லியான பேனல் லைட்டில் உடம்பு 22 மிமீதான் இருக்கும், ஆனால் நிமிர்ந்த கிளிப் அதைவிட உயரம். 'ஸ்லிம் லைட்தானே, எங்கேயும் போகும்' என்று ஒன்றரை இன்ச் இடத்தில் நுழைத்தால் கிளிப் தளத்தில் முட்டித் திரும்ப விழும். ஆகவே கிளிப்பைக் கையால் நிமிர்த்திப் பிடித்து, விளிம்பின் அடியிலிருந்து எது உயரமோ அதை அளக்க வேண்டும்.

இனி பீம், அதாவது ஒளி விரியும் கோணம். பெட்டியில் 24, 36, 60 டிகிரி என்று போட்டிருப்பது, நடுவில் உள்ள வெளிச்ச வீச்சு பாதியாகக் குறையும் இரு எல்லைகளுக்கு இடைப்பட்ட கோணம். அதற்கு வெளியே இருட்டு என்று அர்த்தம் இல்லை, மங்கலாக வெளிச்சம் இருக்கும். விழும் வட்டத்தின் அகலம் கண்டுபிடிக்க ஒரே கணக்குதான்:

```
அகலம் = 2 × உயரம் × tan(கோணம் / 2)
```

உயரத்தைத் தரையிலிருந்து எடுக்காமல், வெளிச்சம் பயன்படும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும். ஹாலில் புத்தகமோ சாப்பாட்டுத் தட்டோ இருப்பது தரையிலிருந்து இரண்டரை அடியில். இந்த ஹாலில் சீலிங்கிலிருந்து அந்த மட்டம் 2.16 மீட்டர். 24 டிகிரிக்கு வட்டம் 3 அடி, 36 டிகிரிக்கு 4.6 அடி, 60 டிகிரிக்கு 8.2 அடி. லைட்டுக்கும் லைட்டுக்கும் இடைவெளி ஆறேழு அடி வரும்போது 36 டிகிரி போட்டால் வட்டங்கள் ஒன்றை ஒன்று தொடாது. தரையில் ஆறு நிலாவும் நடுவில் நிழலும் கிடைக்கும். கடையில் ஒரு லைட்டை மேசைக்கு மேல் போட்டுக் காட்டும்போது 36 டிகிரி பளிச்சென்று இருக்கும், அதைப் பார்த்து மயங்கக் கூடாது. பொது வெளிச்சத்துக்கு இங்கே 60 டிகிரி.

நம் வீடுகளில் பீம் கணக்கோடு ஃபேனையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 48 இன்ச் ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து 2 அடி வரை வீசும். இறக்கை சீலிங்கிலிருந்து ஏறக்குறைய ஒரு அடி கீழே சுற்றுகிறது. 60 டிகிரி லைட்டின் ஒளி அந்த ஒரு அடி இறங்குவதற்குள் பக்கவாட்டில் 7 இன்ச் விரிந்திருக்கும். அப்படியானால் ஃபேன் நடுவிலிருந்து 2 அடி 7 இன்ச்சுக்குள் இந்த லைட் வரவே கூடாது. வந்தால் இறக்கை ஒளியை வெட்டி வெட்டி விடும், சுவர் முழுக்க நிழல் துடிக்கும். பீமுக்கு வெளியே உள்ள மங்கல் ஒளியும் வெட்டுப்படும் என்பதால் மூன்றரை அடி தள்ளினோம். 120 டிகிரி பேனல் லைட்டுக்கு அதே ஒரு அடியில் ஒளி 21 இன்ச் விரிகிறது. பொதுவாக ஃபேன் பக்கத்தில் பேனல் லைட் போட்ட ஹால்கள் மினுக்குவது இதனால்தான். ஃபேனையோ ரெகுலேட்டரையோ மாற்றி இது தீராது.

அகலம் 12 அடி. பாதி 6. ஃபேனிலிருந்து மூன்றரை அடி தள்ளினால் வரிசை சுவரிலிருந்து இரண்டரை அடியில் வருகிறது. இரண்டு வரிசைக்கும் நடுவே 7 அடி. 8.2 அடி வட்டம் இதை மூடுகிறது.

நீளத்தில் மூன்று லைட். வழக்கமான கணக்கு, நீளத்தை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு பங்கின் நடுவிலும் ஒன்று. சுவரிலிருந்து 813, 2438, 4064 மிமீ. காகிதத்தில் அழகாக இருக்கிறது. போர்டைத் தாங்கும் தகரச் செக்‌ஷன் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

போர்டு திருகப்படும் சீலிங் செக்‌ஷன் 80 மிமீ அகலம், 457 மிமீக்கு ஒன்று, அதாவது ஒன்றரை அடி. சுவரிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் 4113-இல் ஒன்று விழுகிறது. 4064-இல் லைட். இரண்டுக்கும் நடுப்புள்ளி தூரம் 49 மிமீ. செக்‌ஷனின் பாதி அகலமே 40, ஓட்டையின் பாதி 38. ஹோல்சா நேராகத் தகரத்தில் இறங்கும். 813 லைட்டுக்கு அடுத்த செக்‌ஷன் 914-இல், தூரம் 101 மிமீ. ஓட்டை தப்பிக்கும், ஆனால் கிளிப் தப்பிக்காது. கிளிப் மடங்கிப் படுக்கும்போது ஓட்டை விளிம்பிலிருந்து இன்னும் 40 மிமீ வெளியே போகிறது. ஆக நடுவிலிருந்து சுற்றிலும் 80 மிமீ காலியாக வேண்டும், செக்‌ஷன் பாதியையும் சேர்த்தால் 120. கிளிப் போர்டின் மேல் படுக்காமல் செக்‌ஷன் மேல் ஏறி நின்றால் அந்தப் பக்கம் லைட் இரண்டு மிமீ தொங்கும். எத்தனை முறை தள்ளினாலும் திரும்ப இறங்கும்.

இந்த இடத்தில் செக்‌ஷனை வெட்டி விடலாம் என்று கை துறுதுறுக்கும். 'ஒரு கட் போட்டா போதும்ணே, பக்கத்துல ரெண்டு இருக்கில்ல' என்று சொல்லாத ஆளே இல்லை. வெட்டினால் போர்டுக்கு அந்த இடத்தில் பிடி போய், சில மாதத்தில் ஜாயின்ட்டில் மயிரிழை விரிசல் ஓடும்.

செக்‌ஷன் தொடங்கும் இடத்தை மட்டும் தள்ளிப் பார்த்தோம். எப்படித் தள்ளினாலும் மூன்றில் ஒரு லைட் மாட்டிக்கொள்கிறது, ஏனென்றால் லைட் இடைவெளி ஒன்றரை அடியின் மடங்காக இல்லை. எனவே லைட்டை நகர்த்தினோம். இடைவெளியை 6 அடி ஆக்கினால் அது சரியாக நான்கு செக்‌ஷன் கட்டம். நடு லைட்டை 8 அடியில் வைத்து, அதற்கு இரண்டு பக்கமும் சமமாக 228 மிமீ தள்ளிச் செக்‌ஷன்களைத் தொடங்கினோம். லைட்டுகள் 2, 8, 14 அடியில். ஆறுமே கட்டத்தின் நட்டநடுவில் விழுந்தன. முதல் செக்‌ஷன் சுவரிலிருந்து 381 மிமீ, ஒன்றரை அடிக்குள்தான், அதனால் சுவர் ஓரத்தில் போர்டு தொங்காது. மேலே குறுக்கே போகும் இன்டர்மீடியட் சேனல்களை அகலவாக்கில் சுவரிலிருந்து ஒரு அடியில் தொடங்கி, 3 அடி 4 இன்ச்சுக்கு ஒன்றாக நான்கு போட்டோம். ஃபேன் கொக்கியும் தப்பித்தது, லைட்டுகளும் தப்பித்தன. ஃபேன் தளத்துக் கொக்கியில்தான் தொங்குகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

படத்துக்கான லைட்டுக்கு வேறு கணக்கு. சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி 24 டிகிரி லைட்டை நேர்கீழாக வைத்தால், ஒளிவட்டம் சுவரைத் தொடுவது சீலிங்கிலிருந்து ஏறக்குறைய நாலே முக்கால் அடி கீழே. அதற்குள் படம் முடிந்துவிடும், வெளிச்சம் சோபாவின் முதுகில் விழும். 36 டிகிரி மூன்றடியில் தொடுகிறது, படத்தின் மேல் சட்டத்துக்குச் சரியாக. சாய்க்கக்கூடிய லைட்டாக இருந்தால் 24 டிகிரியும் செய்யும், ஆனால் சாயும்போது அதன் பின்பக்கம் மேலேயும் பக்கத்திலும் நகரும். அதற்குத் தனி ஆழம் வேண்டும், இந்த 5 இன்ச்சில் வேண்டாம் என்று விட்டோம். ஆகவே 36 டிகிரி, அதே 75 மிமீ கட்அவுட்.

போர்டு அடிக்கும் முன் ஒவ்வொரு லைட் புள்ளிக்கும் நேர் மேலே வயரை ஒரு அடி நீளம் கூடுதலாகத் தொங்கவிட்டு, தரையில் அந்தப் புள்ளிகளைப் பென்சிலால் குறித்து, சுவரிலிருந்து அளவையும் எழுதிப் போட்டோ எடுத்துக்கொண்டோம். போர்டு மூடியபின் லேசர் அந்தத் தரைக் குறியிலிருந்து நேராக மேலே புள்ளி காட்டும்.

ஓட்டை போடும் நேரம் பட்டி, பிரைமர் முடிந்தபின், கடைசிக் கோட் பெயின்ட்டுக்கு முன். நேராக ஹோல்சாவை வைக்காமல் முதலில் 6 மிமீ ஓட்டை ஒன்று போட்டோம். கட்டுக்கம்பியை எல் வடிவில், குறுக்குக் கை 80 மிமீ இருக்கும்படி மடக்கி, அந்த ஓட்டைக்குள் நுழைத்து ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். தகரத்தில் தட்டினால் 'டிங்' என்று கேட்கும், பைப்பில் மந்தமாக நிற்கும். எங்கும் தட்டாமல் சுற்றினால் லைட்டும் கிளிப்பும் உட்கார இடம் உண்டு. ஆறில் ஒரு இடத்தில் கம்பி நின்றது. பார்த்தால் தொங்கவிட்ட வயரின் ஃபிளெக்சிபிள் பைப் போர்டின் மேல் சுருண்டு படுத்திருந்தது. கம்பியாலேயே தள்ளிவிட்டோம். 6 மிமீ ஓட்டை தப்பான இடமென்றால் ஒரு விரல் பட்டியில் அடைந்துவிடும். 76 மிமீ அடையாது.

டிரில்லில் ஹாமரை அணைத்து, மெதுவான வேகத்தில் ஹோல்சா. போர்டு 12.5 மிமீதான். அவசரப்பட்டு அழுத்தினால் கடைசி மூன்று மிமீயில் மேல் காகிதம் கிழிந்து ஜிப்சம் கட்டியாகப் பெயரும், கிளிப் பிடிக்க வேண்டிய விளிம்பே போய்விடும். வெட்டியபின் பிசிறு காகிதத்தை பிளேடால் சீவி, வெட்டுமுகத்தில் தண்ணீர் கலந்த பிரைமரை ஒரு தடவு தடவினால் மாவு உதிராது. தடவாமல் விட்டால் பின்னாளில் லைட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும்.

இதற்கெல்லாம் முன்பு ஒரு துண்டு வீண் போர்டில் ஒரு ஓட்டை போட்டு லைட்டை மாட்டிப் பார்த்திருந்தோம். அந்தச் சோதனை மூன்று விஷயம் சொல்லும். ஓட்டை இறுக்கமா தளர்வா, கிளிப் 12.5 மிமீ கனத்தைப் பிடிக்கிறதா, டிரைவர் பெட்டி அந்த ஓட்டை வழியே போகிறதா. இரட்டைப் போர்டோ போர்டோடு பிளைவுட்டோ உள்ள இடத்தில் கனம் இன்ச்சைத் தாண்டும். அங்கே சில கிளிப் மடங்க வழியில்லாமல் நிமிர்ந்தே நிற்கும், லைட் கையோடு வந்துவிடும். சில கம்பெனி டிரைவர் 75 மிமீ ஓட்டைக்குள் சாய்த்துத்தான் போகும். இடம் ஒன்றரை இன்ச்தான் என்றால் சாய்க்கவும் முடியாது.

கடைசிக் கோட் காய்ந்தபின் எம்சிபியை இறக்கிவிட்டு லைட் ஏற்றினோம். வயரை டேப் சுற்றாமல் கனெக்டரில் இணைத்து, டிரைவரை முதலில் உள்ளே அனுப்பி, லைட்டின் தலைமேல் உட்காராதபடி பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளிவிட வேண்டும். ஹீட்சிங்க் மேல் டிரைவர் படுத்திருந்தால் மேலே சொன்ன காற்றிடத்துக்கு அர்த்தமே இல்லை. இரண்டு கிளிப்பையும் விரலால் நிமிர்த்திப் பிடித்து ஏற்றும்போது ஒன்று நழுவினால் நகக்கண்ணில் அடிக்கும், எச்சரிக்கை.

ஏற்றியபின் ஒரு லைட் மட்டும் ஒரு பக்கம் தொங்கியது. செக்‌ஷன் இல்லை என்று கம்பி சொல்லியிருந்தது. இறக்கிப் பார்த்தால் கிளிப்புக்கும் போர்டுக்கும் நடுவே கடலைப்பருப்பு அளவு ஜிப்சம் துண்டு. பெயின்ட் பிரஷ்ஷால் ஓட்டையைச் சுற்றி மேல்பக்கம் துடைத்ததும் தட்டையாக உட்கார்ந்தது.

ராத்திரி ஃபேனை முழு வேகத்தில் விட்டு எல்லா லைட்டையும் போட்டுப் பார்த்தோம். சுவரில் நிழல் துடிக்கவில்லை. படத்தின் மேல் சட்டத்தில் வளைவு சரியாகத் தொடங்கியது, ஆனால் கண்ணாடி போட்ட படம் என்பதால் எதிர்ச் சோபாவின் ஒரு முனையிலிருந்து பார்த்தால் லைட் பிரதிபலித்தது. படத்தின் மேல் விளிம்பைச் சுவரிலிருந்து அரை இன்ச் முன்னால் சாய்த்து மாட்டியதும் பிரதிபலிப்பு தரைப் பக்கம் போய்விட்டது.

அதே மாடலில் ஒரு லைட் கூடுதலாக வாங்கி வீட்டில் வைத்தாயிற்று, இரண்டு வருஷம் கழித்து அதே கட்அவுட்டில் அதே விளிம்பு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மீட்டர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் மார்க்கரில் எழுதியிருப்பது: கட்அவுட் 75, உயரம் 55, 60 டிகிரி ஆறு, 36 டிகிரி ஒன்று, செக்‌ஷன் முதல் கோடு சுவரிலிருந்து 381.